இணைய முகவரியை யார் படிக்கிறார்கள்?

தமிழ் விக்கிப்பீடியாவில் 'தமிழ்' என்ற கட்டுரையை யார், எப்போது திருத்தினார்கள் என்று பார்க்க ஆசை வந்தால், கணினியில் பிரவுசரைத் திறந்து இந்த வரியை அடிக்கலாம்:

```
https://ta.wikipedia.org/w/index.php?title=தமிழ்&action=history&limit=20#footer
```

அந்தக் கட்டுரையில் கடைசியாக நடந்த 20 திருத்தங்களின் பட்டியல் வரும். வந்த கையோடு பக்கம் தானாகவே அடிப்பகுதிக்கு இறங்கி நிற்கும். இத்தனையும் அந்த ஒரு வரியில் எழுதியிருக்கிறது.

வரி ஒன்றுதான், ஆனால் அதை முழுதாகப் படிப்பது பிரவுசர் மட்டுமே. அதுவும் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் வெவ்வேறு இடத்துக்கு அனுப்புவதற்காகப் படிக்கிறது. ஐந்து துண்டுகள். `https` என்பது ஸ்கீம். `ta.wikipedia.org` ஹோஸ்ட். `/w/index.php` பாத். கேள்விக்குறிக்குப் பின்னால் வருவது குவெரி. `#` குறிக்குப் பின்னால் வருவது ஃப்ராக்மெண்ட். எந்தத் துண்டு யாருக்குப் போகிறது, யாருக்குப் போவதில்லை என்று தெரிந்துகொண்டால், போலி லிங்க்கைப் பார்த்த மாத்திரத்தில் பிடிக்கலாம். ஒரு லிங்க் ஏன் திறக்கவில்லை என்பதையும் பெரும்பாலும் நாமே கண்டுபிடித்துவிடலாம்.

முதல் துண்டு ஸ்கீம். அது பிரவுசருக்கே சொல்லப்படும் கட்டளை: இந்த முகவரியை எந்த முறையில் கையாள வேண்டும்? `https` என்றால், எதிர்முனையில் இருப்பவர் தான் சொல்லும் பெயருக்கு உரியவர்தானா என்று சான்றிதழைச் சரிபார்த்து, உரையாடலை மறையாக்கம் செய்து, 443 என்ற எண்ணுள்ள வாசலில் பேசு என்று பொருள். இந்த வாசல் எண்ணைப் போர்ட் என்பார்கள். `http` என்றால் 80ஆம் போர்ட், மறையாக்கம் கிடையாது. `mailto:` என்றால் பிரவுசர் எந்த இணையதளத்துக்கும் போகாமல் மின்னஞ்சல் செயலியைத் திறக்கும். `tel:` என்றால் போனில் எண்ணை டயல் செய்யக் காட்டும்.

ஸ்கீமின் வேலையைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் பெட்டிக்கடை வாசலில் தொங்கும் கியூஆர் அட்டையைப் பாருங்கள். அந்தக் கட்டங்களுக்குள் ஒளிந்திருப்பதும் ஒரு முகவரிதான். ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
upi://pay?pa=kadai@example&pn=Kadai&am=50&cu=INR
```

`upi` என்ற ஸ்கீமைக் கண்டதும், இது இணையப் பக்கம் அல்ல, பணம் செலுத்தும் செயலிக்கு உரியது என்று போன் புரிந்துகொள்கிறது. எந்தச் செயலி என்று அட்டையில் எழுதியிருக்காது. உங்கள் போனில் 'இந்த ஸ்கீம் எனக்கு உரியது' என்று பதிவு செய்துகொண்ட செயலி எதுவானாலும் சரி. அதனால்தான் ஒரே அட்டை எல்லாருடைய போனிலும் வேலை செய்கிறது. மீதி வரியில் `pa` யாருக்குப் பணம், `pn` அவர் பெயர், `am` எவ்வளவு, `cu` எந்த நாணயம். கடைக்காரர் அட்டையில் `am` இல்லாவிட்டால் தொகையை நீங்கள் அடிக்கிறீர்கள். சூப்பர்மார்க்கெட் திரையில் அந்தந்த பில்லுக்கு உருவாகும் கியூஆரில் அது இருக்கும், தொகை தானாக வந்துவிடும்.

ஸ்கீமை அடுத்து ஒரு முக்காற்புள்ளியும் இரண்டு சாய்கோடுகளும் வருகின்றன. முக்காற்புள்ளி தேவை, ஸ்கீம் எங்கே முடிகிறது என்று அதுதான் சொல்கிறது. சாய்கோடுகளின் கதை வேறு. ஜெனீவாவில் செர்ன் ஆய்வுக்கூடத்தில் உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, அப்போது புழக்கத்தில் இருந்த அப்பல்லோ கணினிகளின் கோப்பு முறையிலிருந்து அந்த இரட்டைச் சாய்கோட்டை எடுத்துக்கொண்டார். இன்னொரு கணினியில் உள்ள கோப்பைக் குறிக்க அங்கே அப்படி எழுதுவது வழக்கம். அவை இல்லாமலே வடிவமைத்திருக்கலாம் என்று 2009இல் அவரே ஒப்புக்கொண்டார். உலகம் முழுக்க எத்தனை விரல்கள் எத்தனை முறை அந்தக் கோடுகளை அடித்திருக்கும்! இப்போது பிரவுசர்கள் அந்தச் சுமையை எடுத்துக்கொண்டுவிட்டன. ஸ்கீமை அடிக்காமல் விட்டால் குரோம் 2021 முதல் `https` என்றே வைத்துக்கொண்டு முயல்கிறது.

அடுத்தது ஹோஸ்ட். முகவரியில் வில்லங்கம் முழுக்க இங்கேதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

`ta.wikipedia.org` என்ற பெயரை வைத்துக்கொண்டு பிரவுசரால் எங்கும் போக முடியாது. இணையத்தில் தரவு நகர எண் முகவரி வேண்டும். பெயருக்கு எண்ணைத் தேடித் தருவது டி.என்.எஸ். என்ற அமைப்பு, 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தது. அதற்கு முன் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவில் ஓர் அலுவலகம் அதைப் பராமரிக்க, மற்ற எல்லாரும் அதைப் பிரதி எடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகியதும் அது தாங்கவில்லை.

டி.என்.எஸ். பெயரை வலமிருந்து இடமாகப் படிக்கிறது. உங்கள் இணைய நிறுவனத்தின் டி.என்.எஸ். சர்வர் முதலில் மூல சர்வர் ஒன்றிடம் `org` யார் பொறுப்பு என்று கேட்கும். `org` பட்டியலை வைத்திருப்பவரிடம் `wikipedia.org` யாருடையது என்று கேட்கும். கடைசியாக விக்கிப்பீடியாவின் டி.என்.எஸ். சர்வரிடம் `ta` எங்கே இருக்கிறது என்று கேட்டு எண்ணை வாங்கும். ஒருமுறை கேட்டதைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்வதால், ஒவ்வொரு முறையும் இத்தனை படி ஏற வேண்டியதில்லை. இந்தத் தேடலில் பங்கெடுக்கும் எவருக்கும் 'தமிழ்' கட்டுரையைப் பற்றியோ திருத்த வரலாற்றைப் பற்றியோ எதுவும் தெரியாது. அவர்களுக்குப் போவது ஹோஸ்ட் பெயர் மட்டும்தான். பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் தேடல் இங்கேயே முடிந்துவிடும். `DNS_PROBE_FINISHED_NXDOMAIN` என்று குரோம் காட்டுவது இந்தச் சமயத்தில்தான். அப்படி ஒரு பெயரே பதிவில் இல்லை என்று பொருள். பாத்திலோ குவெரியிலோ பிழை தேடிப் பயனில்லை.

வலமிருந்து இடமாக என்பதில்தான் ஏமாற்றுக்காரர்களுக்கு வாய்ப்பு. தபால் உறையில் எழுதும் முகவரி போல, ஹோஸ்ட் பெயரில் சிறியது முதலிலும் பெரியது கடைசியிலும் வருகிறது: கதவு எண், தெரு, ஊர், நாடு. ஆனால் ஹோஸ்ட் முடிந்து பாத் தொடங்கியதும் முறை தலைகீழாகிவிடுகிறது. அங்கே பெரிய அடைவு முதலில், சிறிய கோப்பு கடைசியில். ஆக ஒரு முகவரியில் மிக முக்கியமான சொல் தொடக்கத்திலும் இல்லை, முடிவிலும் இல்லை. நடுவில், முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்குச் சற்று இடப்புறம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. முழு முகவரியையும் பெரியதிலிருந்து சிறியதாக ஒரே சீராக எழுதியிருக்கலாம் என்று பெர்னர்ஸ்-லீயும் பின்னாளில் சொன்னார். 1980களில் பிரிட்டிஷ் பல்கலைக்கழக வலையமைப்பு தன் கணினிகளுக்கு அப்படித்தான் பெயர் வைத்திருந்தது, `uk.ac` என்று நாட்டில் தொடங்கி. பிறகு உலக வழக்கத்துக்கு மாறிக்கொண்டது. என்னைக் கேட்டால் அவர்கள் பிடிவாதமாக இருந்து, உலகம் அவர்கள் பக்கம் வந்திருக்கலாம்.

ஓர் உதாரணம். 'நம்வங்கி' என்ற கற்பனை வங்கியின் பெயரில் இப்படி ஒரு குறுஞ்செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

```
https://www.namvangi.bank.in.kyc-update.example/login
```

கண் இடமிருந்து படிக்கும். `www`, வங்கியின் பெயர், `bank.in`. மனம் அதற்குள் சமாதானமாகிவிடும். பிரவுசர் அப்படிப் படிக்காது. `//` தாண்டி வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைத் தேடும். அது `/login`க்கு முன்னால் இருக்கிறது. அங்கே வெட்டி, வலமிருந்து பார்த்தால் `example`, அதற்கு முன் `kyc-update`. இந்த முகவரியின் சொந்தக்காரர் `kyc-update.example` என்ற பெயரை வாங்கியவர். அதற்கு இடப்புறம் இருப்பதெல்லாம் அவர் தன் வீட்டுக்குள் இஷ்டம்போல் வைத்துக்கொண்ட பெயர்கள். `www.namvangi.bank.in` என்று வைக்க அவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இன்னொரு தந்திரம் `@`. ஹோஸ்டுக்கு முன்னால் பயனர் பெயரை எழுத விதியில் இடம் உண்டு. பழைய நாட்களில் கோப்புகளைத் தரவிறக்க அது பயன்பட்டது. அதனால் `https://ta.wikipedia.org@kyc-update.example/` என்று எழுதினால் `ta.wikipedia.org` என்பது வெறும் பயனர் பெயராகிவிடும். பிரவுசர் போவது `kyc-update.example`க்கு. ஹோஸ்ட் பகுதியில் `@` தென்பட்டால் அதற்கு முன்னால் இருப்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள். இந்தக் காலத்தில் நேர்மையான பொதுத் தளம் எதுவும் அப்படி எழுதாது.

சொந்தக்காரரைக் கண்டுபிடிக்கக் கடைசி இரண்டு சொற்கள் போதுமா? `wikipedia.org`க்குப் போதும். இந்தியாவில் `co.in`, `gov.in`, `ac.in` போன்றவை பொது வால்கள். பலர் அவற்றின் கீழ் தனித்தனியாகப் பெயர் வாங்குகிறார்கள். அங்கே மூன்றாவது சொல்லையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எவையெல்லாம் பொது வால்கள் என்ற பட்டியலை மொசில்லா பராமரிக்கிறது, பிரவுசர்கள் அதைப் பயன்படுத்துகின்றன. இந்திய வங்கிகள் தங்கள் தளங்களை `bank.in` என்ற தனி வாலுக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025இல் உத்தரவிட்டதன் காரணம் இதுதான். அந்த வாலின் கீழ் யார் வேண்டுமானாலும் பெயர் வாங்கிவிட முடியாது, வங்கிகளுக்கு மட்டுமே தரப்படும். ஆனால் அந்த ஏற்பாட்டின் பலன் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது: `bank.in` என்பது ஹோஸ்டின் கடைசியில் இருக்க வேண்டும். மேலே பார்த்த போலி முகவரியில் அது நடுவில் இருந்தது.

`https` இருக்கிறதே, அது காப்பாற்றாதா? காப்பாற்றாது. நீங்கள் பேசுவது `kyc-update.example`உடன்தான், நடுவில் யாரும் ஒட்டுக் கேட்கவில்லை என்பதை அது உறுதி செய்யும். அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் யோக்கியரா என்று சொல்லாது. அந்தச் சான்றிதழை இலவசமாகவே வாங்கலாம், திருடரும் வாங்கலாம். முகவரிக்குப் பக்கத்தில் இருந்த பூட்டுப் படத்தை 2023இல் குரோம் எடுத்துவிட்டதற்கு இந்தத் தவறான நம்பிக்கைதான் காரணம்.

ஹோஸ்டில் தமிழ் எழுதலாமா என்றால் எழுதலாம். `.இந்தியா`, `.இலங்கை`, `.சிங்கப்பூர்` ஆகிய மூன்று வால்களும் இருக்கின்றன. ஆனால் டி.என்.எஸ். பெயர்களில் வழக்கமாக இடம் பெறுவது ஆங்கில எழுத்துகள், எண்கள், சிறுகோடு மட்டுமே. அதனால் பிரவுசர் `.இந்தியா`வை `xn--xkc2dl3a5ee0h` என்று மாற்றி அனுப்புகிறது. இந்த மாற்று முறையின் பெயர் புனிகோட். `xn--` என்ற தொடக்கம் உள்ளே வேறு எழுத்து இருக்கிறது என்பதன் அடையாளம். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் வேற்றுமொழி எழுத்துகளை வைத்துப் பிரபலப் பெயர்களைப் போலி செய்ய முடியும் என்பது 2017இல் ஒரு செயல்விளக்கத்தால் பரவலாகத் தெரியவந்தது. சிரிலிக் எழுத்துகளால் ஆன `xn--80ak6aa92e.com` என்ற பெயர், அன்றைய சில பிரவுசர்களில் அச்சு அசலாக `apple.com` போலவே தெரிந்தது. இப்போது சந்தேகத்துக்கு இடமான கலவையாக இருந்தால் பிரவுசர்கள் `xn--` வடிவத்தையே காட்டிவிடுகின்றன. முகவரிப் பட்டையில் எதிர்பாராமல் `xn--` தெரிந்தால் அது பிரவுசர் உங்களைத் தட்டி எழுப்புவதாகக் கொள்ளுங்கள்.

எண் கிடைத்தாயிற்று, 443ஆம் போர்ட்டில் தொடர்பும் ஏற்பட்டாயிற்று. இப்போது பிரவுசர் சர்வரிடம் என்ன சொல்கிறது? நம் முதல் முகவரிக்கு அது அனுப்பும் கோரிக்கையின் முக்கிய வரிகள் இவை:

```
GET /w/index.php?title=%E0%AE%A4%E0%AE%AE%E0%AE%BF%E0%AE%B4%E0%AF%8D&action=history&limit=20 HTTP/1.1
Host: ta.wikipedia.org
```

புதிய நெறிமுறைகளில் இது வேறு வடிவில் சுருக்கி அனுப்பப்படும், சாரம் மாறாது. இங்கே மூன்று விஷயங்கள் கண்ணில் படுகின்றன. ஸ்கீம் காணவில்லை, அதன் வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. ஹோஸ்ட் பெயர் இரண்டாம் வரியில் மறுபடி வருகிறது. ஒரே எண்ணில் பல தளங்கள் குடியிருக்கும், தமிழ் விக்கிப்பீடியாவும் மலையாள விக்கிப்பீடியாவும் ஒரே சர்வர் கூட்டத்திலிருந்து வருபவை. யாரைத் தேடி வந்தோம் என்று வாசலில் சொன்னால்தான் சரியான வீடு திறக்கும். மூன்றாவது, `#footer` கோரிக்கையில் இல்லை. அதற்குப் பிறகு வருவோம்.

பாத், குவெரி இரண்டும் சர்வருக்கு உரியவை. பிரவுசர் அவற்றுக்குப் பொருள் தேடுவதில்லை, அப்படியே கொண்டுபோய்க் கொடுக்கிறது. `/w/index.php` என்பதைப் பார்த்தால் `w` என்ற அடைவுக்குள் ஒரு கோப்பு இருப்பது போலத் தெரியும். ஆரம்ப நாட்களில் பெரும்பாலும் அது உண்மை. இன்று சர்வர் அதை எப்படி வேண்டுமானாலும் பொருள் கொள்ளலாம். செய்தித்தளம் ஒன்றின் முகவரியில் `/2024/05/` என்று இருந்தால் 2024 என்ற அடைவு எங்கோ இருக்கிறது என்று அர்த்தமல்ல. பாத்தைப் பற்றி ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். ஹோஸ்டில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றுதான், `TA.Wikipedia.ORG` என்று அடித்தாலும் போய்ச்சேரும். பாத்தில் அப்படி இல்லை. `/wiki/` என்பதை `/WIKI/` என்று மாற்றினால் பல சர்வர்களுக்கு அது வேறு இடம். அப்போது வரும் 404 என்ற பதில், பார்க்க எரிச்சலாக இருந்தாலும் ஒரு நல்ல தகவலைத் தருகிறது. ஸ்கீம் சரி, ஹோஸ்ட் சரி, சர்வர் உயிரோடு இருந்து பதிலும் சொல்கிறது. பிழை அதற்கு வலப்புறத்தில்தான்.

அந்தக் கோரிக்கையில் 'தமிழ்' என்ற சொல்லுக்கு ஆன கதியைக் கவனித்தீர்களா? நம் கணக்கில் மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஐந்து குறியீடு: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட். முகவரிக்குள் ஆங்கில எழுத்துகளும் சில குறிகளும் மட்டுமே நேரடியாக வரலாம் என்பது விதி. எனவே மற்ற ஒவ்வொரு பைட்டும் `%` போட்டு இரண்டு இலக்கமாக எழுதப்படும். `த` என்பது `%E0%AE%A4`, புள்ளி `%E0%AF%8D`. மொத்தம் 45 எழுத்து. ஹோஸ்டில் தமிழுக்குப் புனிகோட், பாத்திலும் குவெரியிலும் சதவீதக்குறி என, ஒரே முகவரிக்குள் நம் மொழி இரண்டு வேடம் போடுகிறது.

பட்டையில் அழகாகத் தமிழில் தெரியும் முகவரியை நகலெடுத்து வாட்ஸாப்பில் ஒட்டினால் சதவீதக்குறிகளின் அணிவகுப்பாக வருவது இதனால்தான். அதில் கெடுதல் ஒன்றும் இல்லை. வால் துண்டிக்கப்பட்டால்தான் சிக்கல். கடைசி `%E0%AF%8D` மட்டும் விட்டுப்போனால் புள்ளி போய்விடும், சர்வர் 'தமிழ' என்ற தலைப்பைத் தேடும். மூன்று பைட்டில் ஒன்று மட்டும் போனால் மிச்சம் எந்த எழுத்தாகவும் ஆகாது. தமிழ் லிங்க் வேலை செய்யவில்லை என்றால் முதலில் அதன் கடைசி மூன்று சதவீதத் தொகுதிகள் முழுமையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். `E0` என்று தொடங்கும் மூன்று தொகுதிகள் சேர்ந்தால்தான் ஒரு தமிழ்க் குறியீடு.

கேள்விக்குறியில் தொடங்கும் குவெரி சர்வருக்கான விவரக் குறிப்பு. பெயர், சமக்குறி, மதிப்பு என்று ஒவ்வொரு விவரமும் வரும், இடையில் `&`. நம் முகவரியில் மூன்று விவரம். `limit=20` என்பதை `limit=50` ஆக்கி எண்டர் தட்டினால் 50 திருத்தங்கள் வரும். `action=history` என்பதை `action=info` ஆக்கினால் அந்தக் கட்டுரையைப் பற்றிய தகவல் பக்கம் வரும். `action`, `limit` இரண்டையும் எடுத்துவிட்டால் கட்டுரையே வரும். வரிசையை மாற்றிப் போட்டாலும் விக்கிப்பீடியாவுக்கு வித்தியாசம் இல்லை. `limit=ஐம்பது` என்று எழுத்தால் எழுதினால் என்ன ஆகும்? பிழைச் செய்தி வராது. புரியாததை ஒதுக்கிவிட்டுத் தன் வழக்கமான எண்ணிக்கையைக் காட்டும். குவெரியில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் இப்படித்தான், சத்தமில்லாமல் வேறொன்றைக் காட்டிவிட்டுப் போகும்.

தெரியாததை ஒதுக்கும் இந்தப் பெருந்தன்மையில்தான் விளம்பரத் தொழில் கூடு கட்டியது. `utm_source`, `fbclid`, `gclid` போன்றவை பக்கத்தைத் தேடுவதற்குத் தேவையே இல்லை. நீங்கள் எந்த விளம்பரத்திலிருந்து, எந்தப் பதிவிலிருந்து வந்தீர்கள் என்று பதிவு செய்வதற்காக ஒட்டப்பட்டவை. யூடியூப் லிங்க்கைப் பகிரும்போது ஒட்டிக்கொள்ளும் `si` என்ற விவரமும் இந்த வகைதான். அதை வெட்டிவிட்டு அனுப்பினாலும் வீடியோ ஓடும், `v`யை வெட்டினால் ஓடாது. எது தேவை, எது ஒட்டுண்ணி என்று அறிய ஒரே வழி வெட்டிப் பார்ப்பதுதான். ஒவ்வொன்றாக நீக்கி எண்டர் தட்டுங்கள். பக்கம் மாறாவிட்டால் அது உங்களுக்காக இருந்ததல்ல. ஃபயர்ஃபாக்ஸின் கடுமையான பாதுகாப்பு முறையும் சஃபாரியின் தனிமை முறையும் இவற்றில் சிலவற்றைத் தாமாகவே கழற்றிவிடுகின்றன.

வேறொரு வகை விவரத்தில் கவனம் வேண்டும். கடவுச்சொல்லை மாற்ற வரும் மின்னஞ்சல் லிங்க்கில், சில டிக்கெட் லிங்க்குகளில், குவெரிக்குள் ஒரு நீண்ட ரகசிய எழுத்துத் தொடர் இருக்கும். அந்த முகவரி யார் கையில் இருக்கிறதோ அவரையே உரியவராக சர்வர் எடுத்துக்கொள்ளும். `https` இருந்தால் வழியில் வைஃபை வைத்திருப்பவருக்குப் பாத்தும் குவெரியும் தெரியாது, பொதுவாக ஹோஸ்ட் பெயர் மட்டுமே தெரியும். ஆனால் அவை பிரவுசரின் வரலாற்றுப் பட்டியலில் முழுதாகப் பதிந்திருக்கும், சர்வரின் பதிவேட்டிலும் விழும். பொதுக் கணினியில் திறந்த லிங்க் அங்கேயே கிடக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

மிச்சம் இருப்பது ஃப்ராக்மெண்ட். சர்வருக்குப் போன கோரிக்கையில் `#footer` இல்லை என்று பார்த்தோம். அது எங்கும் போகவில்லை. பிரவுசர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, பக்கம் வந்து சேர்ந்ததும், அதற்குள் `footer` என்ற அடையாளம் வைக்கப்பட்ட இடத்தைத் தேடி அங்கே இறங்கியது. இதை நீங்களே சோதிக்கலாம். அந்தப் பக்கத்தைத் திறந்துகொண்டு இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். மேலே சுருட்டி வந்து, முகவரிப் பட்டையைத் தொட்டு எண்டர் தட்டாமல், `#footer` என்பதை `#top` என்று மாற்றித் தட்டுங்கள், மறுபடி `#footer` ஆக்கித் தட்டுங்கள். பக்கம் ஏறி இறங்கும். இணையமே இல்லை, ஆனாலும் வேலை நடக்கிறது. அடுத்து `limit=20` என்பதை 50 ஆக்கித் தட்டினால் தொடர்பு இல்லை என்று கையை விரித்துவிடும். ஹேஷ் குறிக்கு இடப்புறம் கை வைத்தால் புதிய கோரிக்கை, வலப்புறம் கை வைத்தால் உள்ளூர் வேலை.

சர்வருக்குப் போவதில்லை என்ற இந்தக் குணத்தைக் கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்தியவர்கள் உண்டு. 2013இல் தொடங்கிய மெகா என்ற கோப்புச் சேமிப்புத் தளம், கோப்பைத் திறக்கும் மறைச்சாவியை லிங்க்கில் `#`க்குப் பின்னால் வைத்தது. சர்வருக்குப் போகும் கோரிக்கையில் சாவி இருக்காது. கோப்பைத் திறக்கும் வேலை பிரவுசருக்குள் நடக்கும். இதற்கும் எல்லை உண்டு: பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் ஃப்ராக்மெண்டைப் படிக்க முடியும். அந்த நிரலை அனுப்புவது அதே தளம்தான், ஆகவே அதை நம்பித்தான் ஆக வேண்டும்.

பக்கத்தை எழுதியவர் அடையாளம் வைத்த இடத்துக்கு மட்டுமே ஃப்ராக்மெண்ட் கூட்டிப்போகும் என்ற குறை நெடுங்காலம் இருந்தது. 2020இல் குரோம் அதற்கு ஒரு வழி செய்தது. `#:~:text=` என்று எழுதி, பக்கத்தில் உள்ள சொற்களைத் தொடர்ந்து எழுதினால், பிரவுசர் அந்தச் சொற்களைத் தேடிப் போய் வண்ணம் தீட்டிக் காட்டும். கூகுள் தேடலில் சில முடிவுகளைத் தட்டினால் நேராக வண்ணம் தீட்டிய வரியில் போய் நிற்பது இந்த ஏற்பாட்டால்தான். தமிழ்ச் சொற்களுக்கும் இது பொருந்தும்:

```
https://ta.wikipedia.org/wiki/தமிழ்#:~:text=தொல்காப்பியம்
```

பக்கத்தில் அந்தச் சொல் முதலில் வரும் இடத்துக்குப் போகும். யாராவது கட்டுரையைத் திருத்தி அந்தச் சொல்லை நீக்கியிருந்தால் பிழை எதுவும் காட்டாது. பக்கம் வழக்கம்போல் மேலிருந்து திறக்கும், வண்ணம் மட்டும் இருக்காது.